கூடைப்பந்து டிஃபென்ஸில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போகிறார்களா? முதலில் உடல் எடையைக் கவனியுங்கள்

பந்து வைத்திருப்பவர் தோளை லேசாக ஆட்டுகிறார். நீங்கள் பந்தைத் தட்டிவிடலாம் என்று கையை நீட்டுகிறீர்கள். கை நீண்டதும் உடல் முன்னால் சாய்கிறது, எடை முழுவதும் முன்காலில் இறங்குகிறது. அவர் அந்தக் காலை ஒட்டியே பந்தைத் தரையில் தட்டி ட்ரிப்பிள் போட்டுப் போய்விடுகிறார். எடை ஏறிய காலை உடனே தூக்க முடியாது. முதலில் எடையைப் பின்காலுக்கு மாற்றி, பிறகு முன்காலை எடுத்து, பிறகு திரும்ப வேண்டும். அதற்குள் அவர் கூடைக்கு அருகில் போய் லே-அப்பை முடித்திருப்பார்.

கூடைப்பந்து ஆடத் தொடங்கியவர்கள் இதை "எனக்கு வேகம் பத்தவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டப் பந்தயம் வைத்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருவார்கள். தோற்கும் இடம் முதல் அடி. அவர் கிளம்பும் நொடியில் உங்கள் எடை எந்தப் பக்கமும் போகத் தயாராக இருந்ததா, இல்லை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருந்ததா என்பதில்தான் அது தீர்மானமாகிறது. நிற்கும் நிலை, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடு, தூரத்தில் பந்து வாங்குபவரை ஓடிப்போய் மறிக்கும் க்ளோஸ்அவுட் மூன்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரே விஷயம்.

நிற்பது

கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று விரித்து வையுங்கள். எடை முன்பாதத்தில் இருக்கட்டும். அதற்காகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நிற்க வேண்டாம்; குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகி உருவ முடிந்தால் போதும். பிறகு நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ளி இறக்குங்கள். நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். "கீழே இறங்கு" என்றால் முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்துகிறார்கள். பார்க்கத் தாழ்ந்த மாதிரி இருக்கும், ஆனால் இடுப்பு இருந்த உயரத்திலேயே இருக்கும், தலை மட்டும் கால்விரல்களைத் தாண்டி முன்னால் தொங்கும். எடை மறுபடியும் முன்பக்கம். சரியாக இறங்கினீர்களா என்பதை உங்கள் உடலே சொல்லும்: அரை நிமிடம் நின்றால் தொடை எரிய வேண்டும். தொடைக்குப் பதில் கீழ்முதுகு வலித்தால் முதுகை வளைத்திருக்கிறீர்கள். முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்துச் சரிகின்றனவா என்றும் பாருங்கள். அவை கால்விரல் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் தள்ளும் பலமும் போகும், முழங்காலுக்கும் நல்லதல்ல.

கண் எதிராளியின் இடுப்பில் இருக்கட்டும். பந்தும் தோளும் தலையும் ஃபேக் காட்டி ஏமாற்றும். இடுப்பு போகாமல் ஆள் எங்கும் போக முடியாது. கைகள் உடலுக்கு வெளியே, முழங்கை மடங்கி, உள்ளங்கை தெரியும்படி இருக்கட்டும். பந்தைத் தட்ட வேண்டுமென்றால் கீழிருந்து மேலே மணிக்கட்டால் மட்டும் தட்டிப் பாருங்கள். தோள் முன்னால் போகும் எந்தத் தட்டலும் ஒரு சூதாட்டம். தொடக்கத்தில் அதை ஆடாமல் இருப்பதே லாபம்.

தூரம் ஒரு கை நீளம். கையை நீட்டினால் விரல் நுனி அவர் உடலைத் தொட வேண்டும். எதிராளி உங்களைவிட வேகமானவர் என்றால் இன்னொரு அரைக்கை பின்வாங்குங்கள். அப்போது ஷாட்டுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறீர்கள் என்பது உண்மைதான். ஆனால் கூடைக்கு அடியில் எளிதான லே-அப் கொடுப்பதைவிட, தூரத்திலிருந்து கையை எதிர்கொண்டு எடுக்கும் ஷாட்டைக் கொடுப்பது மேல்.

இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்கத் தேவையில்லை. பின்பாதத்தின் விரல்கள் முன்பாதத்தின் நடுப்பகுதிக்கு நேராக வரும் அளவுக்கு ஒரு கால் சற்று முன்னால் இருக்கலாம். அதற்கு மேல் இடைவெளி விட வேண்டாம். எந்தக் கால் முன்னால் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பின்கால் பக்கம் போகிறவரை நேராக ஸ்லைடில் பிடிக்கலாம். முன்கால் பக்கம் போகிறவரைப் பிடிக்க அந்தக் காலை முதலில் பின்னால் எடுத்தாக வேண்டும். அது ஒரு அசைவு அதிகம். அதனால் முன்காலை எந்தப் பக்கத்தை மூட நினைக்கிறீர்களோ அந்தப் பக்கம் வைத்து, உடலையும் அரை ஆள் அளவுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி நில்லுங்கள். அந்த வழியில் வர நினைத்தால் அவர் உங்கள் நெஞ்சைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஸ்லைடு: தள்ளும் கால்தான் வேலை செய்கிறது

இடது பக்கம் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் செய்வது, இடது காலை எட்டி வைத்து, வலது காலை அதன் பக்கம் இழுத்துக்கொள்வது. இழுப்பதில் பலம் கிடையாது. உடல் மேலே எழும்பும். இரண்டு கால்களும் ஒட்டிக்கொள்ளும். கால்கள் ஒட்டிய அந்தக் கணத்தில் உங்களுக்கு எந்தப் பக்கமும் தள்ள அடித்தளம் இல்லை. நல்ல ட்ரிப்பிளர் அதற்காகவே காத்திருப்பார். உங்கள் கால்கள் சேரும்போது பந்தை மறு கைக்கு மாற்றிவிட்டால், நீங்கள் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

சரியான ஸ்லைடு வலது காலில் தொடங்குகிறது. வலது பாதத்தின் உள்விளிம்பால் தரையைப் பலமாகத் தள்ளுங்கள். அந்தத் தள்ளலில் இடது கால் தரையை உரசினாற்போலப் போய் இறங்கும். வலது கால் பின்தொடர்ந்து வந்து, தோள் அகலம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த தள்ளலுக்குத் தயாராகிவிடும். குதிப்பதோ கால்களைப் பின்னுவதோ இதில் இல்லை. இடது பாதத்தின் விரல்கள் போகும் திசைக்குச் சற்றுத் திரும்பியிருந்தால் இடுப்பு திறந்து அடி நீளும்.

சரிபார்க்க ஒரு வழி: கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்து, பின்னால் சுவர்க்கோடு அல்லது ஜன்னல் விளிம்பு தெரியும்படி படம் எடுங்கள். ஸ்லைடு முழுக்கத் தலை அந்தக் கோட்டுக்கு ஒரே உயரத்தில் போக வேண்டும். தலை ஏறி இறங்கினால், ஒவ்வொரு முறையும் மேலே போன பலம் பக்கவாட்டில் போகாமல் வீணாகிறது. மைதானத்தில் இன்னொரு அளவுகோலும் உண்டு. சர்வதேச விதிப்படி கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தின் அகலம் 4.9 மீட்டர். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஐந்தாறு ஸ்லைடில் போக முடிந்தால் நன்றாகத் தள்ளுகிறீர்கள். ஒன்பது பத்து ஆகிறது என்றால் கால்கள் வேகமாக அசைகின்றன, தள்ளவில்லை.

பயிற்சியில் பக்கவாட்டாகப் போகிறோம், ஆட்டத்தில் எதிராளி பக்கவாட்டாகப் போவதில்லை. அவர் போவது கூடைக்கு. அவர் தோளுக்கு இணையாக நீங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் முடிவில் அவரை வழியனுப்பி வைத்த மாதிரிதான் ஆகும். அதனால் ஸ்லைடு சாய்வாகப் பின்னால் போக வேண்டும். அவர் இப்போது இருக்கும் இடத்துக்கு அல்ல, இரண்டு அடி கழித்து வரப்போகும் இடத்துக்கு. அங்கே உங்கள் நெஞ்சு முன்பே இருந்தால் அவர் நிற்பார் அல்லது வளைந்து போவார். மோதினால் நெஞ்சால் வாங்குங்கள், கைகளைப் பின்னுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியை நோக்கியபடி இரண்டு கால்களும் தரையில் பதிய ஒருமுறை நின்றுவிட்டால், அதன்பின் அவர் முன்னால் இருப்பதற்காகப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் நகர விதி உங்களுக்கு உரிமை தருகிறது. கையால் தடுப்பதற்கு மட்டும் உரிமை இல்லை. விசில் வருவது பெரும்பாலும் அந்தக் கையால்தான்.

அவர் முன்கால் பக்கம் வந்தால்? பின்காலின் முன்பாதத்தை ஊன்றித் திருகி, முன்காலைச் சாய்வாகப் பின்னால் வீசி வையுங்கள். அதே பக்க முழங்கையையும் பின்னால் வேகமாக இழுத்தால் இடுப்பு தானாகத் திறக்கும். வைத்த அடுத்த கணமே ஸ்லைடு. இதை டிராப் ஸ்டெப் என்பார்கள். இங்கே நடக்கும் தவறு, காலை நேர் பின்னால் வைத்து அவருக்குக் கதவைத் திறந்துவிடுவது. கால் இறங்க வேண்டிய இடம் அவர் வழியின் மேல்.

"டிஃபென்ஸில் காலைப் பின்னவே கூடாது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது பாதிதான் உண்மை. உங்கள் இடுப்பு அவர் இடுப்புக்கு முன்னால் இருக்கும்வரை ஸ்லைடு. அவர் இடுப்பு உங்களைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்லைடும் அவரைப் பிடிக்காது, திரும்பி ஓடுங்கள். அவரைத் துரத்த வேண்டாம், கூடைக்கு முன்னால் அவர் வரப்போகும் ஒரு புள்ளிக்கு மூன்று நாலு அடி ஓடி, அங்கே மறுபடி இறங்கி நில்லுங்கள்.

க்ளோஸ்அவுட்

இதுவரை சொன்னதில் எதிராளி உங்கள் முன்னாலேயே இருந்தார். க்ளோஸ்அவுட்டில் நீங்கள் கட்டத்துக்குள் சக ஆட்டக்காரருக்கு உதவியாக நிற்கிறீர்கள். உங்கள் ஆளுக்குத் தூரத்தில் பாஸ் போகிறது. நீங்கள் ஓடிப்போய் அவரை மறிக்க வேண்டும். அதிகம் தாண்டிப் போகப்படுவது இந்த இடத்தில்தான், காரணமும் எளிது: உங்கள் எடை முழுக்க அவரை நோக்கிப் பாய்கிறது, அவர் உங்களுக்கு எதிர்த்திசையில் கிளம்புகிறார். உங்கள் வேகமே அவருக்குச் சாதகம்.

ஓர் உதாரணத்தை அடி அடியாகப் பார்ப்போம். எதிராளி வலது கைக்காரர், ஓரளவு நன்றாக ஷூட் செய்பவர். கூடையை நோக்கி நின்றால் அவருக்கு இடது பக்கம் சைட்லைன் வரும்படி, மைதானத்தின் பக்கவாட்டுப் பகுதியான விங்கில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். சர்வதேச விதியில் அந்தக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர். நீங்கள் கட்டத்துக்குள், அவர் திசையில் கூடையிலிருந்து சுமார் 2.5 மீட்டரில் இருக்கிறீர்கள். இருவருக்கும் நடுவே நாலேகால் மீட்டர். ஒரு கை நீளத்தில், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும் என்றால், ஓட வேண்டியது மூன்றே கால் மீட்டர் சொச்சம்.

கிளம்ப வேண்டியது பாஸ் கொடுப்பவர் கையை விட்டுப் பந்து பிரியும்போது. அவர் பிடித்த பிறகு கிளம்பினால் கடைசி வரை முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும், நிற்கவே நேரம் இருக்காது. க்ளோஸ்அவுட் கெடுவதில் பாதி இந்தத் தாமதத்தால்தான், கால் வேலையால் அல்ல.

முதல் இரண்டு மீட்டரை இரண்டு நீண்ட அடியில் ஓடுங்கள். இங்கே தயக்கம் வேண்டாம். மிச்சமுள்ள ஒன்றேகால் மீட்டரில் மூன்று நாலு சின்ன அடிகள், பாதம் தரையைத் தட்டுவதுபோல. ஒவ்வோர் அடியிலும் இடுப்பு இறங்கட்டும், நெஞ்சு சற்றுப் பின்னால் சாயட்டும். சரிவில் ஓடி இறங்கும்போது கீழே வந்ததும் உடம்பு தானாகப் பின்சாய்ந்து வேகத்தை அடக்குமே, அதே அசைவு. இந்தச் சின்ன அடிகள் இல்லாமல் ஒரே எட்டில் நிற்க முயன்றால் கால் பூட்டிக்கொள்ளும், உடல் மட்டும் முன்னால் போகும்.

நிற்கும்போது இடது கால் முன்னால், இடது கை மேலே. காரணம் இரண்டு. அவர் வலது கையால் ஷூட் செய்கிறார், அது உங்கள் இடது கைக்கு நேர். அவருக்கு வலது பக்கம் மைதானத்தின் நடு. அங்கே போனால் இரண்டு பக்கமும் பாஸ் கொடுக்கலாம். அதை மூடி, பலம் குறைந்த இடது கையில், கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான பேஸ்லைன் பக்கம் அனுப்புகிறீர்கள். வலது கை கீழே, பக்கவாட்டில் இருக்கட்டும். உங்கள் அணி நடுப்பக்கம் அனுப்பும் திட்டம் வைத்திருந்தால் இது அப்படியே தலைகீழாகும். அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவர் பந்தை நெற்றி வரை தூக்கி ஃபேக் காட்டுகிறார். உங்கள் இடது கை மேலேயே இருக்கிறது, கால்கள் தரையில். அவர் பாதம் தரையை விட்டு எழும்பாதவரை உங்கள் பாதமும் எழும்பக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் குதித்தாலும் இறங்கும் வரை நீங்கள் ஆட்டத்தில் இல்லை. அவர் உண்மையிலேயே ஷூட் செய்தால் நேர் மேலே எழும்புங்கள். அவர் இறங்கும் இடத்துக்குள் உங்கள் கால் போனால் ஃபவுல். அதைவிட முக்கியம், அதன் மேல் இறங்கினால் அவர் கணுக்கால் போகும்.

ஃபேக் பலிக்காததால் அவர் இடது கையால் பேஸ்லைன் பக்கம் ட்ரிப்பிள் போடுகிறார். அது உங்கள் வலது பக்கம், பின்கால் பக்கம். இடது காலால் தள்ளுங்கள். வலது கால் சாய்வாகப் பின்னால், பேஸ்லைனை நோக்கி இறங்குகிறது. இரண்டு நீண்ட ஸ்லைடில் அவர் வழியில் உங்கள் நெஞ்சு இருக்கும். அவர் பந்தைக் கையில் எடுத்தால் இரண்டு கைகளையும் நேர் மேலே தூக்கி நில்லுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை.

இதே காட்சியில் ஒன்றை மட்டும் மாற்றுவோம்: வழக்கம்போல வலது காலை முன்னால் ஊன்றி நின்றுவிட்டீர்கள். அவர் அதே பேஸ்லைன் பக்கம் போகிறார், இப்போது அது உங்கள் முன்கால். ஓடிவந்த எடை முழுவதும் அந்தக் காலில். டிராப் ஸ்டெப் போட்டுத் திரும்புவதற்குள் அவர் தோள் உங்கள் தோளைத் தாண்டியிருக்கும். அவரிடம் புதிதாக எந்த வேகமும் சேரவில்லை. உங்கள் ஒரு கால் இடம் மாறியிருந்தது.

ஷூட் செய்யத் தெரியாதவரிடம் இத்தனை நெருக்கம் வேண்டாம். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளியே சின்ன அடி போட்டு நின்று, கூடையை நோக்கிய டிரைவை மட்டும் பாருங்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி ஓடிப்போய் நிற்பவரைத்தான் ஃபேக் எளிதாக ஏமாற்றும். தாமதமாகக் கிளம்பிவிட்டீர்கள், ஒரு கை தூரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தாலும் இதே கணக்குதான். ஒரு மீட்டர் முன்னதாகவே நின்றாலும் நிலையாக நில்லுங்கள். நெருங்கிப் பாய்ந்து கொண்டிருப்பவரை ஒரே ட்ரிப்பிளில் தாண்டிவிடலாம்.

பழகுவதற்கு

தனியாகச் செய்ய: நிலையில் 30 நொடி நிற்பது, 30 நொடி ஓய்வு, நாலு முறை. பிறகு கட்டத்தின் அகலத்தில் போக வர ஸ்லைடு, ஐந்து முறை. தொடை தளர்ந்து தலை எழும்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் செய்வது தவறான அசைவைப் பழக்கும்.

க்ளோஸ்அவுட்டுக்கு மூன்று புள்ளிக் கோட்டில் ஒரு ஷூவையோ பாட்டிலையோ வைத்து, கட்டத்திலிருந்து ஓடி அதற்கு ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். நின்று மனசுக்குள் இரண்டு எண்ணுங்கள். அந்த இரண்டு நொடியில் முன்னால் ஓர் அடி வைக்க வேண்டியிருந்தால் அந்த முயற்சி கணக்கில் வராது. சரியாக வந்தவை எட்டு சேரும்வரை செய்யலாம்.

கூட ஒருவர் இருந்தால், நீங்கள் கூடைக்கு அடியிலிருந்து அவருக்குப் பாஸ் கொடுத்துவிட்டு அந்தப் பந்தின் பின்னாலேயே ஓடுங்கள். அவருக்கு ஷாட் அல்லது ஒரே ஒரு ட்ரிப்பிள் மட்டும் அனுமதி. ஒரு ட்ரிப்பிளில் அவரால் உங்களைத் தாண்ட முடியாத நிலை வந்த பிறகு இரண்டாக்குங்கள். தாண்டிப் போன ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, உங்கள் பாதங்கள் நின்ற இடத்தை அசைக்காமல் குனிந்து பாருங்கள்: முன்கால் எது, அவர் போனது எந்தப் பக்கம், கால்களுக்கு நடுவே எவ்வளவு அகலம். பத்து முறை பார்த்தால் அதில் ஏழெட்டு முறை ஒரே தவறாகத்தான் இருக்கும். அடுத்த நாள் பயிற்சியில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.